சீட்டு அவர் பெயரில், மொழி மட்டும் வேறொருவருக்கு: விமான நிறுவனங்களுக்கு நெல்லையிலிருந்து ஒரு திறந்த மடல்

தூத்துக்குடி வாகைக்குளம், மதுரை, திருவனந்தபுரம், சென்னை நிலையங்களிலிருந்து விமானம் இயக்கும் நிறுவனங்களின் பயணச்சீட்டுப் பிரிவு, வாடிக்கையாளர் சேவைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

தனியாகப் பயணம் செய்யும் முதியவர்களுக்கு முன்பதிவு உறுதிச்சீட்டையும் லக்கேஜ் விதிகளையும் தமிழில் தரவேண்டும் என்று எழுதிக் கேட்டோம். உங்களில் ஒரு நிறுவனம், "பயணி தம் குடும்பத்தாரின் உதவியைப் பெறலாம்" என்று பதில் அனுப்பியது. இன்னொரு நிறுவனம் சீட்டோடு ஒரு தமிழ்த் தாளை இணைத்து அனுப்பத் தொடங்கியிருக்கிறது. ஆங்கில வரிகளைச் சொல்லுக்குச் சொல் மாற்றிய தாள் அது. அந்தப் பதிலையும் எங்களால் ஏற்க முடியவில்லை, இந்தத் தாளையும் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை உங்கள் சீட்டையே விரித்து வைத்துச் சொல்கிறோம்.

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கத்து முதியவர்களுக்கு இந்தச் சீட்டுகளைப் படித்துத் தமிழில் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மகள் பேறுகாலத்துக்கோ, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவோ துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் அம்மாக்கள். தினத்தந்தி வாசிப்பார்கள், ரேஷன் கடைக் கணக்கில் ஒரு ரூபாய் தவறினாலும் பிடித்துவிடுவார்கள். எழுத்தறியாதவர்கள் அல்லர், ஆங்கிலம் மட்டும் தெரியாது. குடும்பத்தாரைக் கேட்கச் சொல்கிறீர்கள். ஆங்கிலம் படித்த பிள்ளை கடல் தாண்டி இருப்பதால்தானே அந்த அம்மா விமானமே ஏறுகிறார்? உதவ வேண்டியவர் மறுமுனையில் நிற்கிறார். நடுவில் இருப்பது உங்கள் சீட்டு ஒன்றுதான்.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஆலங்குளம் பக்கத்திலிருந்து 72 வயது அம்மா ஒருவர் துபாய் போகிறார். மகன் அங்கிருந்து சென்னை–துபாய் சீட்டைப் போட்டுவிட்டார். வாகைக்குளத்திலிருந்து சென்னைக்கு உள்ளூர் ஏஜென்ட் வேறொரு நிறுவனத்தில் சீட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார். கையில் இரண்டு தாள், இரண்டு PNR. விளம்பரத்தையும் சட்ட வாசகங்களையும் நீக்கிவிட்டால் அவற்றில் மிஞ்சுவது இவ்வளவுதான்:

```
TCR-MAA  14OCT  15:10  16:50  15K  CONFIRMED
```

```
MAA-DXB  15OCT  00:40  03:30  30K  CONFIRMED
SSR WCHR
```

இந்த மூன்று வரிக்குள் அந்த அம்மாவைத் தவிக்கவிடக்கூடிய இடங்கள் பல இருக்கின்றன.

முதலில் தேதி. இரண்டாவது சீட்டில் 15OCT, 00:40 என்று இருக்கிறது. அந்த நாள் வியாழக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தமிழ்த் தாள் "அக்டோபர் 15, வியாழன், 00:40" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு நாள் பிறப்பது விடியும்போதுதான். பஞ்சாங்கமும் நாளைச் சூரிய உதயத்திலிருந்துதான் கணக்கிடுகிறது. நள்ளிரவு தாண்டி நாற்பது நிமிடம் என்றால் அது அவர்களுக்குப் புதன் ராத்திரி. "வியாழக்கிழமை ராத்திரி பிளேன்" என்று மனத்தில் பதிந்துவிட்டால், புதன் ராத்திரி அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார், விமானம் போய்விடும். அதைவிட மோசமானது, சென்னைக்கான உள்நாட்டுச் சீட்டை எடுப்பவரும் அந்தத் தேதியை அப்படியே நம்பி 15-ந்தேதி பிற்பகலுக்கு எடுத்துவிடுவது. அந்தச் சீட்டில் ஏறி அவர் சென்னையில் இறங்கும்போது துபாய் விமானம் போய்ப் பதினாறு மணி நேரம் ஆகியிருக்கும். நிறுவனங்கள் இரண்டு, சீட்டு இரண்டு என்பதால் முதல் நிறுவனத்துக்கு இதில் பொறுப்பில்லை. இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் அவர் "வராத பயணி". அந்தப் பணத்தில் பெரும்பகுதி திரும்பாது.

நள்ளிரவு 12 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் இடையே கிளம்பும் எந்த விமானத்துக்கும் நாங்கள் தேதியை மட்டும் தனியாக எழுதுவதில்லை. "புதன்கிழமை (14-ந்தேதி) ராத்திரிச் சாப்பாடு முடிந்து, அதே ராத்திரி 12 மணி 40 நிமிடத்துக்குப் பிளேன். 14-ந்தேதி ராத்திரி 9:30 மணிக்கெல்லாம் நீங்கள் பன்னாட்டு முனையத்துக்குள் இருக்க வேண்டும்" என்று எழுதுகிறோம். கிளம்பும் நேரத்தைவிட உள்ளே இருக்க வேண்டிய நேரத்தைப் பெரிதாக எழுதுகிறோம், ஏனென்றால் அவர் வீட்டைவிட்டுப் புறப்படுவது அந்த நேரத்தை வைத்துத்தான். 03:30 என்பது துபாய் நேரம். நம்மூர்க் கடிகாரத்தில் அப்போது விடியற்காலை 5 மணி. அதைச் சொல்லாவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள்ளேயே இறங்கிவிடுவோம் என்று கணக்குப் போட்டு, மாத்திரை போடும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றி வைத்துக்கொள்வார். சர்க்கரை நோயாளிக்கு அது சின்ன விஷயமல்ல.

அடுத்தது எடை. பெரும்பாலான சச்சரவு இங்கேதான் வருகிறது. முதல் சீட்டில் 15K, இரண்டாவதில் 30K. மகன் போனில் "முப்பது கிலோ கொண்டு வரலாம்மா" என்று சொல்லிவிடுகிறார். அவர் போட்ட சீட்டில் அவர் சொன்னது சரிதான். அம்மா 28 கிலோவுக்குப் பெட்டி கட்டுகிறார். வாகைக்குளம் கவுண்டரில் எடைமேடை 28 காட்டுகிறது, சீட்டு 15 என்கிறது. மிச்சம் 13 கிலோவுக்கு அங்கேயே பணம் கட்டு அல்லது எடுத்து வெளியே வை என்று சொல்லப்படுகிறது. கொண்டுவந்து விட்ட காரும் அதற்குள் ஊர் திரும்பிவிட்டால், கருப்பட்டியும் வடகமும் புளியும் யாரிடம் போகும்? முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் கூடுதல் எடைக்கான கட்டணம் பெரும்பாலும் கவுண்டர் கட்டணத்தைவிடக் குறைவு. அது தெரியவேண்டிய நேரத்தில் அவருக்குத் தெரியவில்லை. கவுண்டரில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது.

ஒரே PNR-இல் இரண்டு விமானமும் இருந்திருந்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. தனித்தனிச் சீட்டு என்றால் ஒவ்வொரு நிறுவனமும் தன் எடையை மட்டுமே பார்க்கும். பெட்டியும் சென்னையோடு நின்றுவிடும். அதை பெல்ட்டில் எடுத்து, பன்னாட்டு முனையத்துக்குக் கொண்டுபோய், மறுபடி கவுண்டரில் போட வேண்டும். இதை அந்த அம்மாவே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, நாங்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். கவுண்டரில் பெட்டியின் கைப்பிடியில் சுற்றும் ஒட்டுத்தாளில் பெரிய எழுத்தாக மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். MAA என்றால் பெட்டி சென்னையில் வெளியே வரும், நீங்கள்தான் எடுக்க வேண்டும். DXB என்றால் துபாயில் எடுத்தால் போதும். இந்த இரண்டையும் அவர் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டால் ஆங்கிலம் தெரியாதவரும் உருவத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். உங்கள் உறுதிச்சீட்டில் இந்தச் செய்தி எந்த மொழியிலும் தெளிவாக இல்லை. எடை வேறொரு முறையிலும் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்: சில நிறுவனங்கள் 30K என்பதற்குப் பதிலாக 2PC என்று போடுகின்றன. அது கிலோவைக் குறிப்பதில்லை, பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எடை வரம்பு உண்டு, பெரும்பாலும் 23 கிலோ. அப்படிப்பட்ட சீட்டில் 30 கிலோவை ஒரே பெட்டியில் கட்டினால், மொத்த எடை அளவுக்குள் இருந்தாலும் அபராதம் விழும்.

இப்போது உங்கள் தமிழ்த் தாளுக்கு வருகிறோம். கவுண்டரில் போடும் லக்கேஜுக்கு அதில் "சரிபார்க்கப்பட்ட சாமான் 15 கிலோ" என்று இருக்கிறது. ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு எங்களிடம் கேட்டது: "சரிபார்த்தாச்சின்னுதானே எழுதிருக்கு, பொறவு எதுக்குத் திரும்ப நிறுக்கணும்?" அவர் தமிழைச் சரியாகத்தான் படித்தார். எழுதியவர்தான் தவறு செய்தார். கையோடு கொண்டுபோகும் பை "அறைச் சாமான்" ஆகியிருக்கிறது. எந்த அறை? 1PC என்பது "1 துண்டு" என்று வந்திருக்கிறது, துண்டு என்றால் எங்கள் ஊரில் தோளில் போடுவது. விமானத்துக்கு வராமல் போவது "காட்சி இல்லை" என்று ஆகியிருக்கிறது.

இவற்றில் ஆபத்தானது "வாயில்" என்ற சொல். "புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன் வாயில் மூடப்படும்" என்று தாளில் இருக்கிறது. வாயில் என்றால் நிலையத்தின் வாசல் என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார். வாசலைத் தாண்டி, போலீஸ்காரரிடம் சீட்டைக் காட்டி உள்ளே வந்தாயிற்று, இனிப் பயமில்லை என்று நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். உண்மையில் மூடப்படுவது விமானம் ஏறும் கதவு. அது பாதுகாப்புச் சோதனைக்கும் அப்பால் இருக்கிறது, அதற்கு எண் உண்டு, அந்த எண் கடைசி நேரத்தில் மாறவும் மாறும். அதற்கும் முன்பே, விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே, லக்கேஜ் போடும் கவுண்டரை மூடிவிடும் நிறுவனங்கள் பல. சிலது இன்னும் முன்பே மூடும். நாங்கள் மூன்றையும் மூன்று பெயரில் எழுதுகிறோம்: நிலையத்தின் வாசல், பெட்டி போடும் கவுண்டர், பிளேன் ஏறும் கதவு. கடைசியில் மூடுவது கதவு, அதற்கு முன்பே மூடுவது கவுண்டர் என்று நேரத்தோடு எழுதுகிறோம். இதற்குப் பெரிய மொழிப்புலமை எதுவும் வேண்டாம். படிக்கப்போகிறவர் எந்த இடத்தில் நின்று படிப்பார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால் போதும்.

கையோடு கொண்டுபோகும் பையைப் பற்றி உங்கள் தாள் "7 கிலோ" என்று மட்டும் சொல்கிறது. ஒரே ஒரு பை என்பதைச் சொல்லவில்லை. எங்கள் பெரியவர்கள் ஒரு தோள்பை, அதோடு ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று என்று இரண்டாகத்தான் கிளம்புவார்கள். கட்டைப்பையை அவர்கள் லக்கேஜாகவே கருதுவதில்லை, உங்கள் ஊழியர்கள் கருதுகிறார்கள். "கட்டைப்பையும் கணக்கில் சேரும்" என்று அந்தச் சொல்லையே போட்டு எழுதினால்தான் புரியும்.

வாகைக்குளத்தில் இன்னொன்றும் உண்டு. சென்னைக்குப் பறக்கும் ATR விமானத்தில் தலைக்கு மேலிருக்கும் அடுக்கு சிறியது. சக்கரம் வைத்த பையை விமானத்தின் பக்கத்திலேயே வாங்கி அடியில் போட்டுவிடுவது வழக்கம். திடீரென்று ஒருவர் வந்து பையைக் கேட்கும்போது, ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொல்லப்படுவது புரியாமல், அம்மா பையைக் கொடுத்துவிடுகிறார். பாஸ்போர்ட், இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை, பவர் பேங்க் எல்லாம் அதற்குள். பவர் பேங்க் அடியில் போகவே கூடாது என்பது உங்கள் விதிதான். ஆகவே இவற்றை எல்லாம் ஒரு சின்னத் துணிப்பையில் தனியாகப் போட்டு, அதைப் பெரிய பைக்குள் மேலாக வைக்கச் சொல்கிறோம். பையைக் கேட்டால் துணிப்பையை மட்டும் உருவிக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாம்.

சக்கர நாற்காலி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலே உள்ள சீட்டில் SSR WCHR என்று இருந்தது. இதன் பொருள்: நீண்ட தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறி இறங்குவார். WCHS என்றால் படியும் ஏற முடியாது. WCHC என்றால் இருக்கை வரை தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். முன்பதிவுப் பக்கத்தில் இந்த மூன்றும் ஆங்கிலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்போது பிள்ளைகள் முதலில் இருப்பதைத் தொட்டுவிடுகிறார்கள். முட்டுவலி உள்ள அம்மாவுக்கு ATR விமானத்தின் கதவோடு இறங்கும் செங்குத்தான படிக்கட்டுதான் உண்மையான சிக்கல், நடை அல்ல. WCHR என்று இருந்தால் நாற்காலி படிக்கட்டின் அடி வரைதான் வரும். மேலே ஏற்ற வேறு ஏற்பாடு இருக்காது. நாங்கள் சீட்டு எழுதும்போது "நடக்க முடியுமா" என்று கேட்பதில்லை. "வீட்டு மாடிப்படி ஏறுவீர்களா, பஸ்ஸில் ஏறுவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டுமா" என்று கேட்கிறோம். பதில் உடனே வந்துவிடும், எந்தக் குறியீடு என்பதும் தெரிந்துவிடும். இந்த அம்மாவுக்கு WCHS என்று மாற்றச் சொல்கிறோம்.

இந்தப் பயணத்தில் அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. நாற்காலி இரண்டாவது சீட்டில்தான் கேட்கப்பட்டிருக்கிறது. முதல் சீட்டில் இல்லை. இரண்டிலும் கேட்டிருந்தாலும், முதல் நிறுவனத்தின் நாற்காலி சென்னை உள்நாட்டு முனையத்தில் வெளியேறும் வாசலோடு நின்றுவிடும். இரண்டாவது நிறுவனத்தின் நாற்காலி பன்னாட்டு முனையத்தில் அவர்கள் கவுண்டருக்குப் போனால்தான் வரும். நடுவே இருக்கும் தூரத்தில், 28 கிலோ பெட்டியோடு, அவருக்கு யாரும் இல்லை. அந்த இடத்துக்கு ஒரு உறவினரையோ தெரிந்தவரையோ சென்னையில் நிற்கச் சொல்லியே ஆக வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். இதை நீங்கள் சீட்டில் ஒரு வரியாகச் சொன்னால் போதும், சொல்வதில்லை. நடக்கத் தெரியும், ஆனால் பலகை படிக்கத் தெரியாது என்பவருக்கு MAAS என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆள் வந்து அழைத்துப் போவது. நாற்காலியே தேவைப்படாத எத்தனையோ பெரியவர்கள் வழி தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக நாற்காலி கேட்கிறார்கள், ஏனென்றால் இப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பெட்டிக்குள் என்ன வைக்கக்கூடாது என்ற பட்டியலும் உங்களிடம் இருக்கிறது. வெடிமருந்து, அமிலம், துப்பாக்கி என்று தொடங்கும். ஆலங்குளத்து அம்மா துப்பாக்கி எடுத்துப் போகப்போவதில்லை. அவர் எடுத்து வைப்பது கொப்பரை, சூடம், தீப்பெட்டி. கொப்பரையில் எண்ணெய் நிறைய, தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது. சூடம் எரியும் பொருள். தீப்பெட்டி பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. இந்த மூன்றின் பெயரும் உங்கள் தமிழ்த் தாளில் இல்லை. "எரியக்கூடிய திடப்பொருள்" என்று இருக்கிறது. பூஜைச் சாமானை யார் அப்படிச் சொல்வார்கள்?

கசகசாவைத் தனியாகவே சொல்ல வேண்டும். நம்மூரில் மளிகைச் சாமான், குருமாவுக்கு அரைப்பது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடைசெய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் சிக்கல்தான். முட்டுவலிக்கு எழுதிக் கொடுக்கப்படும் ட்ராமடால், இருமல் மருந்தில் இருக்கும் கோடீன் இரண்டுக்கும் அமீரகத்தில் கட்டுப்பாடு உண்டு. மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருப்பதோடு, போகும் முன்பே அங்கே அனுமதி கேட்க வேண்டியவை அவை. இவை விமான நிறுவன விதிகள் அல்ல, அந்தந்த நாட்டுச் சட்டங்கள் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அந்த நாட்டுக்குச் சீட்டு விற்கிறவர் நீங்கள்தான். நெய், எண்ணெய், ஊறுகாய் மூன்றையும் கவுண்டரில் போடும் பெட்டிக்குள் நன்றாகக் கட்டி வைக்கச் சொல்கிறோம். பன்னாட்டுப் பயணத்தில் கைப்பைக்குள் 100 மில்லிக்கு மேல் உள்ள பாட்டிலில் எதுவும் போகாது. அல்வாவையும் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்கிறோம், நெய் வழியும் பண்டத்தைச் சோதனைக்காரர் திடப்பொருளாகப் பார்ப்பாரா இல்லையா என்பது அவர் கையில் இருக்கிறது. கருப்பட்டிக்கு அந்தப் பயமில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு குறுஞ்செய்தி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஏஜென்ட் சீட்டுப் போடும்போது தொடர்பு எண் என்ற இடத்தில் தம் எண்ணையே போட்டுவிடுகிறார். விமான நேரம் மாறினால் செய்தி கடைக்குப் போகிறது, அம்மாவுக்கு அல்ல. கடை பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை அது வந்தால் யார் பார்ப்பது? சீட்டை வாங்கியதும் முதலில் அந்த எண்ணைத்தான் பார்க்கிறோம். பயணியின் எண்ணும், கொண்டுவிடப் போகிறவரின் எண்ணும் அதில் இல்லையென்றால், அன்றைக்கே மாற்றச் சொல்கிறோம்.

இப்போது நாங்கள் அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுக்கும் தாளைப் பாருங்கள். ஒரு பக்கம்தான், எழுத்து பெரியது. ஆங்கிலச் சீட்டுக்கு இது மாற்று அல்ல. வாசலில் காவலரிடம் காட்ட ஆங்கிலச் சீட்டு வேண்டும், அதைப் பின்னால் சேர்த்துப் பின் அடித்துவிடுகிறோம்.

"புதன், 14-ந்தேதி. மதியம் 1 மணிக்குள் வாகைக்குளம் உள்ளே இருங்கள். ஆதார், பாஸ்போர்ட் கையில். பெட்டி 15 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. கூடுதல் எடைக்கு முன்பே பணம் கட்டியிருந்தால் ரசீது இதோடு இருக்கிறது. பெட்டி ஒட்டுத்தாளில் MAA என்று இருக்கும். 4:50-க்குச் சென்னை. அங்கே பெட்டி உங்களிடம் வரும், எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் உங்கள் ஆள் நிற்பார், அவர் வரும்வரை வாசலைத் தாண்டிப் போக வேண்டாம்.

அதே புதன் ராத்திரி 9:30-க்குள் பன்னாட்டு முனையம். பெட்டியை மறுபடி கவுண்டரில் போட வேண்டும், இங்கே 30 கிலோ வரை போகலாம். ஒட்டுத்தாளில் DXB என்று இருக்க வேண்டும். கவுண்டரில் இந்த வரியைக் காட்டுங்கள்: SSR WCHS. நாற்காலி வரும். நாற்காலியை விட்டு இறக்கிவிட்டால் அங்கேயே உட்கார்ந்திருங்கள், அவர்களே வந்து பிளேனில் ஏற்றுவார்கள். ராத்திரி 12:40-க்குக் கிளம்பும். துபாயில் இறங்கும்போது நம்மூர் நேரம் விடியற்காலை 5 மணி. மாத்திரையை நம்மூர் நேரப்படியே போடுங்கள்."

இதை எழுத எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, ஏனென்றால் உங்கள் இரண்டு சீட்டுகளையும் ஒப்பிட்டு, ஓட்டையைத் தேடி, அழைத்துக் கேட்டு எழுதுகிறோம். உங்கள் கணினியில் இந்தச் செய்தி எல்லாமே ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே கேட்கிறோம். பயணிக்கு 60 வயதுக்கு மேல் ஆகி, அந்த முன்பதிவில் வேறு யாரும் இல்லையென்றால், ஆங்கிலச் சீட்டோடு ஒரு பக்கத் தமிழ்த் தாளைப் பெரிய எழுத்தில் அனுப்புங்கள். இப்போது அனுப்பும் சொல்லுக்குச் சொல் தாளை உடனே நிறுத்திவிட்டு, தமிழ் பேசும் ஒருவர், முடிந்தால் கவுண்டரில் வேலை பார்த்த ஒருவர், எழுதிப் படித்துப் பார்த்த தாளாக அனுப்புங்கள். சரிபார்க்கப்பட்ட சாமான், அறைச் சாமான், துண்டு, வாயில் என்ற நான்கு சொற்களும் அதில் இருக்கக் கூடாது.

நள்ளிரவுக்கும் 4 மணிக்கும் இடையே கிளம்பும் விமானத்துக்கு "எந்தக் கிழமை ராத்திரி" என்பதையும், நிலையத்துக்குள் இருக்க வேண்டிய நேரத்தையும் கட்டாயமாக எழுதுங்கள். எடையை ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக எழுதுங்கள். உங்களிடம் ஒரு விமானம் மட்டுமே பதிவாகியிருந்தால் "வேறு சீட்டில் சென்னை வருவதாக இருந்தால் அந்தச் சீட்டின் எடையைப் பாருங்கள், பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும்" என்ற வரியைச் சேருங்கள். WCHR, WCHS, WCHC, MAAS ஆகியவற்றைக் குறியீடாக விடாமல், படி ஏற முடியுமா, வழி காட்ட ஆள் வேண்டுமா என்ற கேள்விகளாக முன்பதிவிலேயே தமிழில் கேளுங்கள். ஏஜென்ட் வழியாக வரும் பதிவில் பயணியின் சொந்த எண் இல்லாமல் சீட்டை உறுதி செய்யாதீர்கள். தடைப் பட்டியலில் கொப்பரை, சூடம், தீப்பெட்டி, கசகசா என்ற பெயர்களை அப்படியே போடுங்கள்.

இந்த மடல் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள், இவற்றில் எதைச் செய்வீர்கள், எந்தத் தேதியிலிருந்து செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது என்று எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதில் தமிழில் இருக்கட்டும்.

நெல்லைச் சீமையில் முதியோருக்குப் பயணச்சீட்டு மொழிபெயர்த்துத் தருவோர்
பாளையங்கோட்டை